பதிவு போடும் முன் பார்க்க வேண்டியவை: விலை, தேதி, போன் நம்பர், தமிழ்

தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் கடைகளுக்குப் போஸ்டர் செய்பவர்கள், வாட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் பதிவு போடுபவர்கள் எல்லோருக்கும். 2026 ஆடி விற்பனையிலிருந்து இதுதான் நடைமுறை. போஸ்டர், வீடியோ, ஸ்டேட்டஸ், இரண்டு வரி மெசேஜ் என எதுவாக இருந்தாலும் இதைப் பார்க்காமல் வெளியே போகக் கூடாது.

பென்னாகரத்திலிருந்தோ அஞ்செட்டியிலிருந்தோ ஒரு குடும்பம் பஸ் ஏறி வருகிறது என்றால், போனில் நம் போஸ்டரைக் காட்டித்தான் துணி கேட்கும். அந்தப் படத்தில் இருக்கிற விலைதான் அவர்களுக்கு நாம் கொடுத்த வாக்கு. கவுன்டரில் நிற்கிற பெண் "அது தப்பா வந்துடுச்சுங்க" என்று சொல்லும் நிலைக்கு அவளைத் தள்ளக் கூடாது.

ஆரம்பிக்கும் முன்

போஸ்டரைச் செய்தவரே சரிபார்க்கக் கூடாது. தான் எழுதியதைப் படிக்கும்போது, எழுத நினைத்ததைத்தான் கண் படிக்கும். இன்னொருவர் பார்க்க வேண்டும். அவரிடம் மூன்று தாள் இருக்க வேண்டும்: அன்றைய பில்லிங் விலைப்பட்டியல், இந்த வருடக் காலண்டர், மூன்று கடைகளின் முகவரி, நம்பர் தாள். போன வருடப் போஸ்டர் இந்த மூன்றில் எதற்கும் மாற்று இல்லை. நம் தவறுகளில் பாதி, பழைய டிசைனைத் திறந்து படத்தை மட்டும் மாற்றுவதால் வருகிறது.

விலை

☐ ஒவ்வொரு விலையையும் பில்லிங் பட்டியலோடு ஒப்பிட்டாயிற்று. ஒருவர் பட்டியலிலிருந்து வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் போஸ்டரில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். "ஐநூற்று இருபது" என்று காதில் விழும்போது கண்ணில் 250 இருந்தால் உடனே தெரிந்துவிடும். மனதுக்குள் படித்தால் தெரியாது.

☐ தள்ளுபடிக் கணக்கைக் கால்குலேட்டரில் போட்டாயிற்று. எம்.ஆர்.பி., சதவீதம், கொடுக்கும் விலை மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ரூபாய் 1,850 சேலைக்கு 40 சதவீதம் போனால் 1,110. ரவுண்டாக இருக்கட்டும் என்று 1,100 போட்டால் அந்த 10 ரூபாயை நாம்தான் விட வேண்டும். விடலாம் என்று முதலாளி சொன்னால் பில்லிங்கிலும் 1,100 ஏற்றிய பிறகே போஸ்டர் போகும்.

☐ "50% + 20%" என்று போட்டிருந்தால் எங்கேயும் "மொத்தம் 70%" என்று எழுதவில்லை. ஆயிரம் ரூபாய்த் துணி முதலில் 500 ஆகி, அதில் 20 சதவீதம் போய் 400 ஆகிறது. உண்மையான தள்ளுபடி 60 சதவீதம். வாடிக்கையாளர் கணக்குப் போடத் தெரிந்தவர்.

☐ "வரை", "முதல்" என்ற சொற்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. "50%" ஒரு அடி உயரத்திலும் "வரை" எறும்பு அளவிலும் இருப்பதை நான் ஏற்கமாட்டேன். எண்ணின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது அந்தச் சொல்லுக்கு வேண்டும். "₹299 முதல்" என்றால் 299 ரூபாய்க்கு மூன்று கடையிலும் சரக்கு இருக்க வேண்டும். தருமபுரியில் மட்டும் இருந்தால் தருமபுரி என்று போடுங்கள்.

☐ ஜி.எஸ்.டி. பற்றிய பழைய வாசகம் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ரெடிமேட் துணிக்கு ஒரு பீஸ் ரூ.2,500 வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். "12% வரி" என்று எங்காவது இருந்தால் அது பழைய டிசைன். போஸ்டரில் போடும் விலை வரி சேர்த்த விலை மட்டுமே.

எழுதும் முறை: ₹1,110. ₹ குறிக்கும் எண்ணுக்கும் நடுவில் இடம் வேண்டாம், பின்னால் "/-" வேண்டாம். லட்சத்துக்கு 1,25,000 என்று நம் ஊர் முறையில் காற்புள்ளி.

தவறான விலை வெறும் சங்கடத்தோடு முடியாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், மக்களைத் தவறாக நம்பவைக்கும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட முடியும்.

தேதி

☐ தேதியும் கிழமையும் இந்த வருடக் காலண்டரில் பொருந்துகின்றன. 2025இல் ஜூலை 17 வியாழன்; 2026இல் வெள்ளி. ஆடிப்பெருக்கு போன வருடம் ஆகஸ்ட் 3 ஞாயிறு, இந்த வருடம் ஆகஸ்ட் 3 திங்கள். தேதி அப்படியே இருப்பதால் கிழமையை மாற்ற மறந்துவிடுவோம். ஞாயிறு என்று நினைத்து ஓசூர்க் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள் திட்டம் போட்டுவிடுவார்கள்.

☐ தமிழ்த் தேதி போட்டால் பக்கத்திலேயே ஆங்கிலத் தேதியும் இருக்கிறது. "ஆடி 18 வரை" என்பது பாட்டிக்குப் புரியும், பேரனுக்குப் புரியாது. தனியாக நிற்க வேண்டாம்.

☐ தொடக்கம், முடிவு இரண்டும் உண்டு: ஜூலை 17 வெள்ளி முதல் ஆகஸ்ட் 9 ஞாயிறு இரவு 9.30 வரை. "மாலை 9 மணி" என்று எழுதாதீர்கள். "12 மணி" என்றால் பகலா இரவா என்று சேர்த்தே எழுதுங்கள்.

☐ "இன்று", "நாளை", "வரும் ஞாயிறு" எங்கும் இல்லை. இதில் விட்டுக்கொடுக்க முடியாது. வாட்ஸ்அப்பில் நாம் வெள்ளிக்கிழமை அனுப்பியது பாலக்கோட்டில் ஒரு குடும்பக் குழுவுக்குச் செவ்வாய்க்கிழமைதான் போய்ச் சேரும். அங்கே "நாளை கடைசி நாள்" என்றால் எந்த நாளை? தேதியைப் போட்டால் எப்போது படித்தாலும் சரியாக இருக்கும்.

ஆடிப்பெருக்கு அன்று ஒகேனக்கல் போய்த் திரும்புகிற கூட்டம் மதியத்துக்குப் பிறகுதான் தருமபுரிக் கடைக்கு வரும். அன்றைக்கு மட்டும் நேரம் மாற்றினால் அதற்குத் தனிப் பதிவு போடுங்கள். பொதுப் போஸ்டரில் திணிக்க வேண்டாம்.

போன் நம்பர், முகவரி

☐ நம்பரைப் பார்த்து விட்டுவிடாமல் டயல் செய்தாயிற்று. முடிந்த போஸ்டர் படத்தைத் திறந்து, அதில் தெரிகிற இலக்கங்களை ஒவ்வொன்றாக அடித்துக் கூப்பிடுங்கள். போனில் சேமித்த பெயரைத் தட்டிக் கூப்பிட்டால் அது சோதனை ஆகாது. எதிரில் நம் கடை ஆள் எடுத்து ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டும். ஒரு இலக்கம் மாறினால் யாரோ ஒருவர் வீட்டில் நாள் முழுக்க "சேலை இருக்குங்களா" என்று மணி அடித்துக்கொண்டே இருக்கும். அவருக்குச் செய்கிற கொடுமை அது.

☐ மொபைல் நம்பர் பத்து இலக்கம், ஐந்து ஐந்தாகப் பிரித்திருக்கிறது.

☐ லேண்ட்லைன் கோடு அந்தந்த ஊருக்கு உரியது. தருமபுரி 04342, கிருஷ்ணகிரி 04343, ஓசூர் 04344. கடைசி இலக்கம் மட்டுமே மாறுவதால் மூன்றும் எளிதில் குழம்பும். கோடுக்குப் பிறகு ஆறு இலக்கம். பின்கோடும் அப்படியே: 636701, 635001, 635109.

☐ வாட்ஸ்அப் இணைப்பைத் தட்டிப் பார்த்தாயிற்று. `https://wa.me/91` என்பதற்குப் பின் உடனே பத்து இலக்கம். நடுவில் பூஜ்யம், கூட்டல் குறி, இடைக்கோடு, இடைவெளி எதுவும் கூடாது. கடைக்குச் சொந்தமில்லாத போனிலிருந்து தட்டுங்கள்.

☐ மூன்று கடைக்குமான போஸ்டரில் ஊர்ப் பெயரும் அதன் நம்பரும் ஒரே வரியில் இருக்கின்றன.

தமிழ்

கடைத் தமிழ் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். துணி நன்றாக இருந்தும் போஸ்டரில் எழுத்துப் பிழை இருந்தால், தையலையும் இப்படித்தான் பார்த்திருப்பார்கள் என்று படிப்பவர் நினைப்பார். நம் தொழிலில் ஒரே எழுத்து பொருளையே கெடுக்கும் இடங்கள் உண்டு. அவற்றை முதலில் தேடுங்கள்:

கரை வேட்டி, ஜரிகைக் கரை: இடையின ர. "கறை வேட்டி" என்றால் அழுக்குப் பட்ட வேட்டி.
கூறைப்புடவை: வல்லின ற. "கூரை" வீட்டுக்கு மேலே இருப்பது.
அரைக்கைச் சட்டை: ர. "அறை" தங்குவதற்கு.
குறைந்த விலை: ற. "குரைந்த" என்றால் நாய் நினைவுதான் வரும்.
விலை: ல. "விளை" நிலத்தில்.
தள்ளுபடி, விற்பனை, ஞாயிறு, கிழமை, சிறப்பு: இந்த ஐந்தையும் ஒவ்வொரு முறையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

☐ ஒற்று. ஆடித் தள்ளுபடி, பட்டுப் புடவை, சிறப்புச் சலுகை, இலவசப் பரிசு, எடுத்துச் செல்லுங்கள்: இங்கெல்லாம் வேண்டும். புதிய சேலை, குறைந்த விலை, வந்து பாருங்கள்: இங்கே வேண்டாம். "புதியச் சேலை" என்று சேர்ப்பதும் விடுவதைப் போலவே பிழை. சந்தேகம் வந்தால் வாக்கியத்தை மாற்றுங்கள்.

☐ ஊர்ப் பெயர். நாம் எழுதுவது தருமபுரி, ஓசூர், பென்னாகரம், பாலக்கோடு, அரூர், காரிமங்கலம், ஊத்தங்கரை, போச்சம்பள்ளி, சூளகிரி, தேன்கனிக்கோட்டை. ஒரே போஸ்டரில் தருமபுரியும் தர்மபுரியும் வரக் கூடாது.

☐ எழுத்துரு. வேறு கணினியில் திறந்தபோது எழுத்து உடையவில்லை. கொ, கோ, கௌ ஆகியவற்றின் கொம்பு எழுத்துக்கு முன்னால்தான் நிற்கிறது. "கௌரி" என்பதற்கு "கெள" என்று ள போட்டு ஒப்பேற்றவில்லை. துணைக்காலுக்குப் பதில் ர விழவில்லை. போஸ்டரைச் சின்னத் திரை உள்ள சாதாரண போனில், வாட்ஸ்அப் வழியாக அனுப்பியே பாருங்கள்; அது படத்தைச் சுருக்கிவிடும், புள்ளிகள் காணாமல் போகும்.

ஒரு மாதிரி

பயிற்சிக்காகச் செய்த வரைவு:

> ஆடி தல்லுபடி! கறை வேட்டி எம்.ஆர்.பி. ₹650, 20% போக ₹250 மட்டுமே. ஜூலை 17 வியாழன் முதல். நாளையே வாருங்கள்! தருமபுரி 04343

இதில் எத்தனை என்று முதலில் நீங்களே பாருங்கள். திருத்தியது:

> ஆடித் தள்ளுபடி! கரை வேட்டி எம்.ஆர்.பி. ₹650, 20% போக ₹520 மட்டுமே. ஜூலை 17 வெள்ளி முதல் ஆகஸ்ட் 9 ஞாயிறு இரவு 9.30 வரை. தருமபுரிக் கடை, கோடு 04342

கோடுக்குப் பின் வரும் ஆறு இலக்கத்தை நம்பர் தாளைப் பார்த்து அடித்து, டயல் செய்த பிறகே மாதிரி முடிந்ததாகக் கணக்கு.

அனுப்பும்போதும் அதன் பிறகும்

படத்தில் உள்ளதும் கீழே எழுதும் வரிகளும் ஒன்றாக இருக்க வேண்டும். திருத்தும்போது ஒன்றை மாற்றி மற்றதை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. எந்தத் திருத்தத்துக்குப் பிறகும் விலை, தேதி, நம்பர் மூன்றையும் முதலிலிருந்து பாருங்கள். கமா மாற்றினாலும் சரி.

சரிபார்த்தவர் குழுவில் தன் பெயர், நேரம், "விலை, தேதி, நம்பர், தமிழ் பார்த்தேன்" என்று எழுதிய பிறகே பதிவு போகும். வெறும் கட்டைவிரல் குறி செல்லாது. இரவு 9 மணிக்கு மேல் அவசரம் என்று வந்தால், காலை 8 மணிக்குப் போடுங்கள்.

பிழை வெளியே போய்விட்டால்: வாட்ஸ்அப்பில் எழுத்து மெசேஜை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், படத்தை அப்படி மாற்ற முடியாது. இன்ஸ்டாகிராமில் வரிகளைத் திருத்தலாம், போட்ட படத்தை மாற்ற முடியாது. நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். புதிய படத்தின் மேலே "திருத்திய விலை" என்று தெளிவாக இருக்கட்டும். மூன்று கடைக் கவுன்டருக்கும் உடனே போன் செய்யுங்கள். பழைய படத்தோடு அன்று கடை மூடும் வரை வருபவருக்கு, படத்தில் உள்ள குறைந்த விலைக்கே பில் போட வேண்டும். முதலாளி இதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறார், யாரையும் தனியாகக் கேட்க வேண்டியதில்லை.