வர்க்கப் பூர்த்தி முறை: பத்தாம் வகுப்புக்கான தலைகீழ் வகுப்பறைப் பாடத்திட்டம்

பாடம்: கணிதம், இருபடிச் சமன்பாடுகள். மாணவர்கள்: 36 பேர். நேரம்: முந்தைய நாள் வீட்டில் ஏறத்தாழ 20 நிமிடங்கள், மறுநாள் வகுப்பில் 45 நிமிடங்கள்.

நோக்கம்

ஓர் இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்த இயலாதபோதும் வர்க்கப் பூர்த்தி முறையில் அதன் மூலங்களைக் காணவும், ஒவ்வொரு படியையும் ஏன் செய்கிறோம் என்று சொந்த வார்த்தைகளில் சொல்லவும் மாணவர்களால் இயல வேண்டும். இரண்டாவது நோக்கத்துக்காகவே இப்பாடத்தைத் தலைகீழ் முறைக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஆசிரியர் கரும்பலகையில் செய்து காட்டும்போது இம்முறை எல்லோருக்கும் எளிதாகத் தோன்றுகிறது. தனியே உட்கார்ந்து செய்யும்போதுதான் கை நின்றுவிடுகிறது. கை நிற்கும் அந்த நேரத்தில் அருகில் ஆசிரியரும் சக மாணவர்களும் இருக்க வேண்டும் என்பதால், விளக்கம் வீட்டுக்குப் போகிறது, கணக்கு வகுப்புக்கு வருகிறது.

வீட்டில் பார்க்க வேண்டிய காணொளி

காணொளியின் நீளம் 7 நிமிடங்கள். அதற்கு மேல் நீட்டினால் மாணவர்கள் ஓடவிட்டுப் பார்ப்பார்கள். ஆசிரியரின் குரலும், தாளில் எழுதும் கையும் மட்டும் தெரிந்தால் போதும்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி தம் இயற்கணித நூலில் எடுத்துக்கொண்ட x² + 10x = 39 என்ற சமன்பாட்டில் காணொளி தொடங்கும். x பக்கமுள்ள ஒரு சதுரத்தை வரைந்து, அதன் வலப்புறம் ஒன்றும் அடியில் ஒன்றுமாக, 5 அகலமும் x நீளமும் கொண்ட இரு செவ்வகங்களை ஒட்ட வேண்டும். இப்போது மூலையில் ஒரு காலியிடம் தெரியும். அதன் பரப்பு 25. அதை நிரப்பினால் படம் x + 5 பக்கமுள்ள முழுச் சதுரமாகிறது. இடப்பக்கத்தில் 25 சேர்ந்ததால் வலப்பக்கத்திலும் அதே 25 சேர்ந்து 64 ஆகிறது. எனவே (x + 5)² = 64; x = 3 அல்லது x = −13. பக்கத்தின் நீளமாக அவர் 3 என்பதை மட்டுமே ஏற்றார், நாம் இரண்டையும் எழுதுகிறோம் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். மூலையை நிரப்பும் காட்சியில் அவசரப்படக் கூடாது. x-இன் கெழுவில் பாதியை ஏன் எடுக்கிறோம், அதை ஏன் வர்க்கமாக்குகிறோம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்தப் படமே விடை.

நான்காம் நிமிட முடிவில், “இங்கே நிறுத்திவிட்டு x² + 8x = 20 என்பதை நீங்களே செய்து பாருங்கள்” என்று சொல்லி, தொடர்ந்து தீர்வைக் காட்ட வேண்டும்: (x + 4)² = 36; x = 2 அல்லது −10.

கைப்பேசியோ இணையமோ இல்லாத மாணவர்களுக்கு முந்தைய நாள் மதிய இடைவேளையில் கணினி அறை திறந்திருக்கும். அதுவும் இயலாதவர்களுக்குக் காணொளியின் படங்களும் படிகளும் அடங்கிய இரண்டு பக்கத் தாள் தரப்படும். வசதியில்லாதவர் யார் என்று வகுப்பின் முன் கேட்காமல், தாளை மேசையில் வைத்து வேண்டியவர்களை எடுத்துக்கொள்ளச் சொல்வதே முறை.

வீட்டுச் சீட்டு

காணொளியைப் பார்த்த பின் ஒவ்வொருவரும் அரைப்பக்கச் சீட்டில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிக் காலை வழிபாட்டுக்கு முன் தர வேண்டும். x² + 12x உடன் எந்த எண்ணைச் சேர்த்தால் முழுவர்க்கமாகும்? அந்த எண்ணை இருபக்கமும் சேர்ப்பது ஏன்? காணொளியில் எந்த இடம் புரியவில்லை? சீட்டுக்கு மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் உண்டென்றால் மூன்றாம் கேள்விக்கு எல்லோரும் “எல்லாம் புரிந்தது” என்றே எழுதுவார்கள். எனக்கு மிகவும் வேண்டியது அந்த விடைதான்.

வகுப்பறையில்

முதல் 7 நிமிடங்கள்: சீட்டுகளில் பலரும் கேட்ட ஒரே ஓர் ஐயத்தை மட்டும் எடுத்துப் பேச வேண்டும். பின்னர் கீழுள்ள தவறான தீர்வைப் பலகையில் எழுதி, பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும்.

x² − 6x = 16
(x − 3)² = 16
x − 3 = 4
x = 7

இதில் இரண்டு பிழைகள் உள்ளன. வலப்பக்கத்தில் 9 சேர்க்கப்படவில்லை. வர்க்கமூலத்தின் எதிர்க்குறி மதிப்பும் விடுபட்டிருக்கிறது. x = 7 எனப் பிரதியிட்டால் இடப்பக்கம் 7 தான் வருகிறது, 16 வரவில்லை என்று மாணவர்களே சரிபார்க்கட்டும். சரியான விடைகள் 8, −2.

காணொளியை வகுப்பில் மறுபடி நடத்தக் கூடாது. ஒருமுறை நடத்தினாலும், அடுத்த முறை வீட்டில் பார்க்கத் தேவையில்லை என்று மாணவர்கள் சரியாகவே முடிவு செய்துகொள்வார்கள். பார்க்காமல் வந்தவர்கள் இந்த 7 நிமிடங்களில் பின்வரிசையில் காதொலிப்பானுடன் பார்த்துவிட்டுத் தங்கள் குழுவில் சேரலாம். கண்டிப்பு வேண்டாம், பார்க்காததற்கான காரணத்தை வகுப்பு முடிந்த பின் தனியே கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்த 25 நிமிடங்கள்: நால்வர் வீதம் ஒன்பது குழுக்கள். குழுவுக்கு ஒரே தாள், ஒரே பேனா. பேனா வைத்திருப்பவர் தாம் நினைப்பதை எழுதாமல், மற்ற மூவரும் சொல்வதை மட்டுமே எழுத வேண்டும். ஒவ்வொரு கணக்குக்கும் பேனா கைமாறும். நன்றாகக் கணக்குப் போடும் ஒருவரே முழுவதையும் முடித்துவிட, மற்றவர்கள் பார்த்து எழுதும் பழக்கத்தை இந்த விதி பெருமளவு தடுக்கும்.

கணக்குகள் வருமாறு:

1. x² + 14x = 51
2. x² − 5x − 3 = 0
3. 3x² − 12x − 6 = 0
4. x² + 4x + 9 = 0
5. ஒரு செவ்வக நிலத்தின் நீளம் அதன் அகலத்தைவிட 6 மீ அதிகம். பரப்பு 91 ச.மீ. அகலம் என்ன?

முதல் கணக்கு (விடை 3, −17) தயக்கத்தைப் போக்குவதற்கு மட்டுமே. இரண்டாவதில்தான் பெரும்பாலான குழுக்கள் நிற்கும்: 5-இன் பாதியைத் தசமமாக 2.5 என்று எழுதி, வர்க்கமாக்கியபின் 6.25 + 3 என்பதில் தடுமாறுவார்கள். அங்கே விடையைச் சொல்லாமல், “பாதியைப் பின்னமாகவே வைத்தால் என்ன ஆகும்?” என்று மட்டும் கேட்டுவிட்டு நகர வேண்டும். (x − 5/2)² = 37/4 என்ற வரியை எட்டியபின் (5 ± √37)/2 தானாக வரும். மூன்றாவதில் முதலில் 3 ஆல் வகுக்க மறப்பவர்களிடம், மூலையை நிரப்பும் படத்தை வரையச் சொல்ல வேண்டும். 3x² என்பதை ஒரே சதுரமாக வரைய முடியாமல் போகும்போது காரணம் விளங்கும். விடை 2 ± √6.

நான்காவதில் (x + 2)² = −5 என்று வரும். “தவறு செய்துவிட்டோம்” என்று அழிக்கத் தொடங்கும் குழுவைத் தடுத்து, எந்த மெய்யெண்ணின் வர்க்கம் எதிர்க்குறியாக இருக்கும் என்று கேட்க வேண்டும். மெய்யெண் தீர்வு இல்லை என்பதும் ஒரு முழுமையான விடையே என்பதை அவர்கள் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். ஐந்தாவதில் அகலம் 7 மீ. −13 ஏன் விலக்கப்படுகிறது என்று ஒரு வரி எழுதினால்தான் விடை நிறைவடையும். முன்கூட்டியே முடிக்கும் குழு ax² + bx + c = 0 என்பதை இதே முறையில் தீர்க்க முயலட்டும்.

அடுத்த 8 நிமிடங்கள்: இரண்டாம், நான்காம் கணக்குகளை மட்டும் இரு குழுக்கள் பலகையில் விளக்கும். விளக்குபவரை ஆசிரியரே அழைக்க வேண்டும். குழுவின் எந்த உறுப்பினரும் அழைக்கப்படலாம் என்பதை முன்பே அறிவித்துவிட வேண்டும்.

கடைசி 5 நிமிடங்கள்: ஒவ்வொருவரும் தனியே x² − 10x + 4 = 0 என்பதைத் தீர்த்துத் தர வேண்டும். விடை 5 ± √21.

மதிப்பீடும் தொடர்ச்சியும்

வெளியேறும்போது தரும் தாள்களை மூன்றாகப் பிரிப்பேன்: முழுவதும் சரி, கணக்கீட்டில் மட்டும் பிழை, முறையிலேயே பிழை. மூன்றாம் பிரிவில் எட்டுப் பேருக்கு மேல் இருந்தால், சூத்திரத்தை வருவிக்கும் அடுத்த காணொளி ஒரு நாள் தள்ளிப்போகும். அந்நாளில் இதே குழுக்கள் புதிய நான்கு கணக்குகளைச் செய்யும். எட்டுப் பேர் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால், அவர்களை மட்டும் மறுநாள் மதியம் 15 நிமிடங்கள் சந்தித்துச் சதுரப் படத்தை அவர்கள் கையாலேயே வரையவைத்துவிட்டு, வகுப்பு திட்டமிட்டபடி தொடரும்.