ஹோஃபெல்டின் எட்டுச் சொற்கள்: தேர்வுக்கு முன் ஒரு பாடக்குறிப்பு

"எனக்கு உரிமை உண்டு" என்ற ஒரே வாக்கியத்துக்குச் சட்டத்தில் நான்கு பொருள்கள் இருக்கலாம்: உரிமை, சலுகை, அதிகாரம், விலக்குரிமை. அவற்றைப் பிரித்துக் காட்டியவர் அமெரிக்கச் சட்ட அறிஞர் வெஸ்லி ஹோஃபெல்ட். 1913-இல் யேல் சட்ட இதழில் எழுதினார். விடை எழுதும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: யாருக்கு எதிராக? எந்தச் செயலைப் பற்றி?

இணைகள் இரண்டு பேருக்கு இடையில்: உரிமை–கடமை, சலுகை–உரிமையின்மை, அதிகாரம்–உட்படுநிலை, விலக்குரிமை–அதிகாரமின்மை. எதிர்கள் ஒரே ஆளிடம் சேர்ந்து இருக்க முடியாதவை: உரிமை–உரிமையின்மை, சலுகை–கடமை, அதிகாரம்–அதிகாரமின்மை, விலக்குரிமை–உட்படுநிலை.

கடன் கொடுத்தவருக்கு உரிமை, வாங்கியவருக்குக் கடமை. இதில் யாரும் தடுமாறுவதில்லை; சலுகையில்தான் மதிப்பெண் போகிறது.

நிலக்காரர் தன் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போடுகிறார், பக்கத்துக்காரர் கிணறு வற்றுகிறது. வரையறுத்த தடத்தில் ஓடாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம், பிரிவு 7-இன் எடுத்துக்காட்டு. (தனிச்சட்டம் கட்டுப்படுத்தும் இடத்தில் அந்த அளவுக்கு இது குறையும்.) ஆகவே நிலக்காரருக்குச் சலுகை, அதாவது எடுக்காதிருக்கும் கடமை அவருக்கு இல்லை; "எடுக்காதே" என்று கேட்கப் பக்கத்துக்காரருக்கு உரிமையின்மை. பக்கத்துக்காரருக்குக் கடமை என்று எழுதுவது தவறு. அவரும் தன் கிணற்றை இன்னும் ஆழப்படுத்தலாம். ஆனால் வேலி தாண்டி வந்து மோட்டாரை உடைக்கக் கூடாது. அந்தக் கடமை பிறப்பது நிலக்காரரின் வேறொரு உரிமையிலிருந்து, நீர் எடுக்கும் சலுகையிலிருந்து அல்ல.

இனி, இரவில் நீர் எடுப்பதில்லை என்று நிலக்காரர் பக்கத்துக்காரருடன் ஒப்பந்தம் செய்தால், பக்கத்துக்காரருக்கு எதிராக இரவுச் சலுகை போய்விடும். மூன்றாவது வீட்டுக்காரருக்கு எதிராக அப்படியே இருக்கும். சலுகைக்கு எதிர், அதே செயலைச் *செய்யாதிருக்கும்* கடமை. நீர் எடுத்துத் தருவதாக ஒப்புக்கொண்டவருக்கு எடுக்கும் கடமையும் எடுக்கும் சலுகையும் சேர்ந்தே இருக்கும். இந்த 'செய்யாதிருக்கும்' விடுபட்டால் அட்டவணையே பிழை.

அதிகாரம் என்பது சட்ட உறவை மாற்றும் திறன். பழைய மோட்டாரை 12,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்று நிலக்காரர் முன்மொழிகிறார். ஏற்று ஒப்பந்தம் உண்டாக்கும் அதிகாரம் பக்கத்துக்காரருக்கு; நிலக்காரருக்கு உட்படுநிலை. இழப்பீட்டுப் பொறுப்பு என்று இதைப் படிக்காதீர்கள். இதுவரை யாரும் தவறு செய்யவில்லை. முன்மொழிவைத் திரும்பப் பெறும் அதிகாரம் நிலக்காரரிடமும் இருக்கிறது. ஏற்புக் கடிதம் தபாலில் சேர்ந்து அனுப்பியவர் கைமீறியதும், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 4, 5 பிரிவுகளின்படி அந்தத் திரும்பப் பெறும் அதிகாரம் முடிகிறது. அப்போது நிலக்காரருக்கு அதிகாரமின்மை, பக்கத்துக்காரருக்கு விலக்குரிமை: முன்மொழிவைத் திரும்பப் பெற்று அவர் நிலையை நிலக்காரர் இனி மாற்ற முடியாது.

அரசமைப்பின் 13(2) இதே வடிவம்தான்: அடிப்படை உரிமைகளைப் பறித்துச் சட்டம் இயற்ற அரசுக்கு அதிகாரமின்மை, குடிமகனுக்கு விலக்குரிமை. அரசுக்குக் 'கடமை' என்று மட்டும் எழுதினால், அப்படி இயற்றிய சட்டம் ஏன் செல்லாது என்பதற்கு விடை கிடைக்காது.