எஸ்டிபி ஆபரேஷன் & மெயின்டனன்ஸ் ஆர்எஃப்பி – எங்க ப்ரப்போசலும் ரேட் போட்ட விதமும்

செயலாளர் சாருக்கும் பொருளாளர் மேடத்துக்கும் கமிட்டில இருக்கற எல்லாருக்கும் வணக்கம்.

உங்க 240 வீட்டு அப்பார்ட்மெண்டோட 150 கேஎல்டி எஸ்டிபிய, அதாவது தினம் 1,50,000 லிட்டர் வரைக்கும் கழிவுநீர சுத்தம் பண்ற ப்ளான்ட்ட, 2025 ஆகஸ்ட் 1லேருந்து 2 வருஷம் ஓட்டிக் குடுக்க ரேட் கேட்டு நீங்க அனுப்பின ஆர்எஃப்பிக்கு எங்க ப்ரப்போசல இந்த மெயிலோட அனுப்பியிருக்கேன். டெக்னிக்கல் பிட், ரேட் ஷீட் எக்செல், நாங்க ஓட்டற ப்ளான்ட்டுங்களோட லிஸ்ட், பிஎஃப் இஎஸ்ஐ சலான் எல்லாம் அட்டாச்மெண்ட்ல இருக்கு, நீங்க கேட்ட ஃபார்மேட்லயே. ஜூன் 14 சனிக்கிழமை ப்ளான்ட் பாக்க வந்தப்போ செயலாளர் சார் "கமிட்டில பாதி பேருக்கு எஸ்டிபின்னா என்னன்னே தெரியாது, கவர் மெயில மட்டும் பேசற மாதிரி எழுதுங்க"ன்னு சொன்னீங்க, அதனால அப்படியே எழுதறேன்.

மொதல்ல உங்க ப்ளான்ட்ல நான் பாத்தத சொல்லிடறேன். கழிவுநீருக்கு காத்து அடிக்கற ஏரேஷன் டேங்க் தண்ணிய ஒரு லிட்டர் ஜார்ல புடிச்சு அரை மணி நேரம் வெச்சோம், அடில தங்கின ஸ்லட்ஜ், அதாவது பாக்டீரியா சேறு, 90 மில்லி தான். உங்க மாதிரி ப்ளான்ட்ல 300க்கு மேல தங்கணும், சாக்லேட் ப்ரௌன் கலர்ல இருக்கணும், இது சாம்பல் கலர்ல இருந்துச்சு. அதாவது அழுக்க தின்னு தண்ணிய சுத்தம் பண்ற பாக்டீரியாவே அங்க போதுமான அளவு இல்ல, இருக்கறதுக்கும் காத்து போதல. காத்து அடிக்கற ரெண்டு ப்ளோயர்ல ஒண்ணு ஜாம் ஆகி கெடக்கு, ஓடற ஒண்ணையும் கரண்ட் பில்லுக்கு பயந்து நைட்ல ஆஃப் பண்றாங்கன்னு ஆபரேட்டர் தம்பி சொன்னார் (அவர தயவுசெஞ்சு திட்டாதீங்க, அவருக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க). பி ப்ளாக் பக்கம் காலைல வர்ற நாத்தத்துக்கு காரணம் இது தான், ராத்திரி பூரா காத்து இல்லாம அழுகின தண்ணி காலைல ப்ளோயர் போட்டதும் கலங்கி வாடைய வெளிய விடுது. இதுக்கு சென்ட் தெளிக்கறதோ பினாயில் ஊத்தறதோ வைத்தியம் இல்ல, பினாயில் உள்ள போனா இருக்கற பாக்டீரியாவும் செத்துடும்.

எங்கள பத்தி. 2009ல நான் ஒரு எஸ்டிபில நைட் ஷிஃப்ட் ஆபரேட்டரா சேந்தேன், 2015ல சொந்தமா ஆரம்பிச்சேன். இப்போ ஓஎம்ஆர், பெரும்பாக்கம், மேடவாக்கம் பக்கம் 11 ப்ளான்ட் ஓட்டறோம், எல்லாமே 60லேருந்து 250 கேஎல்டிக்குள்ள, எல்லாமே அப்பார்ட்மெண்ட். ஃபேக்டரி வேல எடுக்கறதில்ல. உங்கள மாதிரியே ரொம்ப நேரம் காத்து குடுத்து சுத்தம் பண்ற எக்ஸ்டெண்டட் ஏரேஷன் டைப் அதுல 7. உங்க இடத்துலேருந்து ரொம்ப தூரம் உள்ள சைட்டே 9 கிலோமீட்டர் தான், ராத்திரி 2 மணிக்கு பம்ப் நின்னா ஸ்பேர் பம்ப்போட ஒரு மணி நேரத்துல ஆள் வந்துடும். லிஸ்ட்ல இருக்கற எந்த அசோசியேஷனுக்கு வேணா நீங்களே நேரா போய் பாருங்க, எங்ககிட்ட சொல்லிட்டு போகணும்னு இல்ல, சொல்லாம போனா இன்னும் நல்லது.

இப்போ ரேட். இத கொஞ்சம் விலாவாரியாவே எழுதறேன், ஏன்னா நான் சொல்ல வர்ற முக்கியமான விஷயமே இதுல தான் இருக்கு. 2021ல ஒரு சைட்ட புடிக்கறதுக்காக நான் ரேட்ட ரொம்ப எறக்கி போட்டேன், கெடச்சுது, ஆனா மூணு மாசத்துல கட்டுப்படியாகல, நாலு ஆபரேட்டர் இருக்க வேண்டிய எடத்துல ரெண்டு பேர வெச்சு 12 மணி நேர ஷிஃப்ட் ஓட்டினேன், அதுல ஒருத்தர் அசதில தூங்கி டேங்க் ஓவர்ஃப்ளோ ஆகி பேஸ்மெண்ட்ல கார் பார்க்கிங் வரைக்கும் தண்ணி வந்துடுச்சு. காண்ட்ராக்ட் போச்சு, அது நியாயம் தான். தப்பு அந்த தம்பி மேல இல்ல, என் ரேட் ஷீட் மேல. அதுக்கப்புறம் எந்த டெண்டருக்கும் மொத்த தொகைய மட்டும் ஒத்த வரில போடறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். எதுக்கு எவ்ளோன்னு பிரிச்சு காட்டிடறேன், எங்க லாபம் உட்பட.

உங்களுக்கு மாசத்துக்கு இப்படி வருது. மூணு ஷிஃப்ட், வார லீவ் குடுக்கணும்னா ஆபரேட்டர் 4 பேர் வேணும், 3 பேர் போதும்னு யாராவது சொன்னா லீவ் இல்லாம வேல வாங்கறாங்கன்னு அர்த்தம். ஒருத்தருக்கு சம்பளம் 16,000, பிஎஃப்ல எங்க பங்கு 1,950, இஎஸ்ஐ 520, போனஸ் லீவ் சம்பளம் யூனிஃபார்முக்கு 1,530, ஆக 20,000. நாலு பேருக்கு 80,000. வாரம் ரெண்டு தடவ வர்ற கெமிஸ்ட்டுக்கும் சூப்பர்வைசருக்கும் உங்க சைட் பங்கு 12,000. கிருமி கொல்ற ஹைப்போ, பாக்டீரியா கல்ச்சர் மாதிரி கெமிக்கலுக்கு 9,000. வெளி லேப்ல டெஸ்ட்டுக்கு 4,500. இதெல்லாம் சேந்து 1,05,500. அதுமேல ஆஃபீஸ் செலவும் லாபமும் 12 சதவீதம், 12,660. மொத்தம் 1,18,160, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேத்தா 1,39,429. ஒரு வீட்டுக்கு கணக்கு போட்டா மாசம் 581 ரூபா சுமார். ஜிஎஸ்டிய நீங்க க்ரெடிட் எடுக்க முடியுமான்னு உங்க ஆடிட்டர கேட்டுக்கங்க, உங்க மெம்பர்ஸ் கட்டற மெயின்டனன்ஸ் 7,500க்குள்ள இருந்து நீங்க டாக்ஸ் வசூல் பண்ணலன்னா அந்த 18 சதவீதமும் உங்களுக்கு செலவு தான், அதனால ஒப்பிடும்போது எல்லார் ரேட்டையும் டாக்ஸோட வெச்சு பாருங்க.

கெமிக்கல் மாசக் கடைசில ஆன பில்லுக்கு தான், 9,000க்கு கம்மியா ஆனா கம்மியா தான் போடுவோம், ஜாஸ்தி ஆனா அது எங்க தலைல. கரண்ட் உங்களோடது. 5,000 ரூபாக்கு மேல உள்ள ஸ்பேர்ஸ்க்கு மூணு கொட்டேஷன் வாங்கி உங்ககிட்ட குடுப்போம், நீங்க நேரா கடைக்கு பணம் கட்டலாம், நடுவுல நாங்க கமிஷன் வெக்க மாட்டோம். ஸ்லட்ஜ் லாரி ட்ரிப்புக்கு தனி. ரெண்டு வருஷத்துக்கும் ரேட் ஏத்த மாட்டோம், ஒண்ணே ஒண்ணு தவிர: ஏப்ரல்ல கவர்மெண்ட் மினிமம் வேஜஸ் டிஏ ஏத்தறதால எங்க சம்பளத்த ஏத்தியே ஆகணும்னு வந்தா அந்த வித்தியாசம் மட்டும் அப்படியே வரும், அதுமேல எங்க 12 சதவீதம் வராது.

ஆரம்பத்துல ஒரு தடவ செலவு இருக்கு, மறைக்க விரும்பல. ஸ்டாண்ட்பை ப்ளோயர் ரிப்பேர், டேங்க் அடில காத்த குமிழா விடற டிஃப்யூசர மாத்தறது, கார்பன் ஃபில்டர் மீடியா மாத்தறது எல்லாம் சேத்து 2,35,000 ப்ளஸ் டாக்ஸ் ஆகும்னு மதிப்பு போட்டிருக்கேன். டிஃப்யூசர மேலேருந்தே கழட்டி எடுக்கற டைப்பா போட்டுடலாம்னு சொல்றேன், காரணம் கீழ வருது.

இன்னொரு ஆப்ஷனும் ரேட் ஷீட்ல ரெண்டாவது டேப்ல இருக்கு. 85,000 ப்ளஸ் டாக்ஸுக்கு லெவல் சென்சரும் ப்ளோயர் டைமரும் அலாரமும் உள்ள பேனல் போட்டுட்டா நாலு மாசம் கழிச்சு நைட் ஷிஃப்ட் ஆள் இல்லாமலே ஓட்டலாம், ஆபரேட்டர் 3 பேர் ஆயிடும், மாசம் டாக்ஸோட 1,12,997க்கு வந்துடும். பேனல் போட்ட பணம் நாலு மாசத்துலயே திரும்பிடும். ஆனா மொத நாளே வேணாம், ப்ளான்ட் ஸ்டெடி ஆகற வரைக்கும் ராத்திரி ஆள் இருந்தே ஆகணும்.

இதுல உங்களுக்கு என்ன மிச்சம்னா, மே மாசம் தோட்டத்துக்கும் ஃப்ளஷுக்கும் தினம் ரெண்டு லாரி வாங்கினதா பொருளாளர் மேடம் பில் காட்டினாங்க, 12,000 லிட்டர் 1,500 ரூபான்னா மாசம் 90,000. உங்க மீட்டர்படி தினம் 95,000 லிட்டர் கழிவுநீர் ப்ளான்ட்டுக்கு வருது, ஃப்ளஷுக்கு ஆளுக்கு 45 லிட்டர்னு வெச்சாலும் வீட்டுக்கு நாலு பேர்னா 43,200 லிட்டர் தான் வேணும். தண்ணி இருக்கு, நாறுதுன்னு தான் யூஸ் பண்ணல. லாரிய முழுசா நிறுத்திடலாம்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன், ஆனா நாத்தம் இல்லாத தண்ணிய ஃப்ளஷ் லைனுக்கு குடுக்கறது எங்க பொறுப்பு.

ஆர்எஃப்பில மூணு எடத்துல மட்டும் நாங்க வேற மாதிரி கேக்கறோம். பேமெண்ட் 60 நாள்னு இருக்கு, 30 நாள் ஆக்குங்க, ஆபரேட்டருக்கு 7ஆம் தேதி சம்பளம் போட்டாகணும். பெனால்டி, டெஸ்ட்ல ஃபெயில் ஆனா பில்லுல 25 சதவீதம்னு இருக்கு, அதுக்கு பதிலா அந்த மாசம் எங்க 12,660 முழுசையும் புடிச்சுக்கங்க, தொடர்ந்து மூணு மாசம் ஃபெயில் ஆனா நோட்டீஸ் இல்லாமலே காண்ட்ராக்ட்ட முடிச்சுடுங்க. 25 சதவீதம் புடிச்சா அது கடைசில ஆபரேட்டர் சம்பளத்துல தான் வந்து நிக்கும். மொத 45 நாள் மட்டும் பெனால்டி வேணாம், பாக்டீரியா வளர அந்த டைம் வேணும், தண்ணில மிச்சம் இருக்கற அழுக்க காட்டற பிஓடிய உங்க கன்சென்ட் ஆர்டர்ல உள்ள 20க்கு கீழ அதுக்குள்ள கொண்டு வந்துடுவோம்.

மூணாவது 7.4, வருஷத்துக்கு ஒரு தடவ ஆள எறக்கி டேங்க் க்ளீன் பண்ணணும்னு இருக்கற க்ளாஸ். இத நாங்க செய்ய மாட்டோம், எந்த ரேட்டுக்கும். அந்த டேங்க்ல ஹைட்ரஜன் சல்ஃபைட் இருக்கும், அளவு ஜாஸ்தியா இருந்தா வாசனையே தெரியாது, எறங்கின ஆள் ரெண்டு மூச்சுல விழுந்துடுவார், காப்பாத்த எறங்கறவரும் விழுவார். பாதுகாப்பு இல்லாம ஆள எறக்கறது 2013 மேனுவல் ஸ்கேவஞ்சிங் தடைச் சட்டப்படி குற்றம், உயிர் போனா குடும்பத்துக்கு 30 லட்சம்னு 2023 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. சக்‌ஷன் லாரியும் ஜெட்டிங்கும் வெச்சு மேலேருந்தே பண்ணுவோம், அதுக்கான ரேட் ஷீட்ல தனியா இருக்கு, கழட்டி எடுக்கற டிஃப்யூசர் கேட்டதும் இதுக்கு தான். எங்களுக்கு இந்த வேல கெடைக்கலன்னாலும் பரவால்ல, யாருக்கு குடுத்தாலும் அந்த க்ளாஸ மட்டும் எடுத்துடுங்க சார்.

இந்த ரேட் ஜூன் 30லேருந்து 90 நாளைக்கு செல்லும். கமிட்டி மீட்டிங்ல வந்து பேசணும்னா ஞாயித்துக்கிழமை எந்த நேரம்னாலும் வர்றேன், எங்க கெமிஸ்ட்டையும் கூட்டிட்டு வர்றேன், அந்த ஒரு லிட்டர் ஜார் டெஸ்ட்ட உங்க முன்னாடியே பண்ணிக் காட்டறோம். போன் நம்பர் லெட்டர்ஹெட்ல இருக்கு.

நன்றி சார், நன்றி மேடம்.

இப்படிக்கு,
நிர்வாக பங்குதாரர், எஸ்டிபி ஆபரேஷன்ஸ்