தங்கள் நிரந்தர வைப்பின் முதிர்வுத் தொகை குறித்து

கொழிஞ்சாம்பாறைக் கிளை
3 ஜூலை 2025

மதிப்பிற்குரிய திருமதி க. சரஸ்வதி டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் சென்ற வாரம் கவுண்டரில் கொடுத்துச் சென்ற கடிதமும், அதனுடன் பின் குத்தியிருந்த கணக்குத்தாளும் என் மேசைக்கு வந்தன. 9 ஜூன் 2025 அன்று மூன்று ஆண்டுக்குத் தாங்கள் போட்ட 5,00,000 ரூபாய் வைப்புக்கு, தங்கள் கணக்குப்படி 6,08,000 ரூபாய்தான் வர வேண்டும் என்றும், ரசீதில் 6,19,360 ரூபாய் என்று அச்சாகியிருக்கிறது என்றும், இந்தக் கூடுதல் 11,360 ரூபாய் எங்கள் தவறாக இருந்தால் பின்னால் திருப்பிக் கேட்கும் நிலை வரக்கூடாது என்றும் எழுதியிருந்தீர்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரசீதில் உள்ள தொகை சரியானது. முதிர்வு நாளான 9 ஜூன் 2028 வரை வைப்பைக் கலைக்காமல் வைத்திருந்தால், வரிப் பிடித்தம் ஏதும் இல்லாதபட்சத்தில், அந்தத் தொகை முழுவதும் தங்களுக்கு உரியது. வைப்புப் போட்ட அன்று கவுண்டரில் கூட்டம் இருந்தபடியால், "காலாண்டுக் கூட்டு வட்டி" என்ற மூன்று சொல்லோடு நாங்கள் நிறுத்திக்கொண்டோம். ரசீதிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே விவரம் இருக்கிறது. அந்தக் குறையை இந்தக் கடிதத்தில் தீர்க்க விரும்புகிறேன்.

தங்கள் தாளில் பென்சிலால் 500000 × 3 × 7.2 ÷ 100 என்று எழுதி, 1,08,000 என்ற விடையைச் சுற்றிக் கட்டம் போட்டிருக்கிறீர்கள். பெருக்கலில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அது தனி வட்டிக்கான கணக்கு. அதில் மூன்று ஆண்டும் அசல் 5,00,000 ரூபாயாகவே நிற்கும். தங்கள் வைப்பிலோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதாவது செப்டம்பர், டிசம்பர், மார்ச், ஜூன் ஆகிய மாதங்களின் 9ஆம் தேதியில், அதுவரை சேர்ந்த வட்டி அசலோடு சேர்க்கப்பட்டு, அடுத்த மூன்று மாதத்துக்கு அந்தப் பெரிய தொகையே அசலாகிவிடுகிறது. ஆண்டுக்கு 7.2 விழுக்காடு என்பதை நான்கால் வகுத்தால் ஒரு காலாண்டுக்கு 1.8 விழுக்காடு. மூன்று ஆண்டில் பன்னிரண்டு காலாண்டு.

முதல் ஆண்டை மட்டும் கைக்கணக்காகப் போட்டுக் காட்டுகிறேன். செப்டம்பர் 9 அன்று 5,00,000 ரூபாய்க்கு 1.8 விழுக்காடு, 9,000 ரூபாய் வட்டி. அசல் 5,09,000 ஆகிறது. டிசம்பரில் அந்த 5,09,000 ரூபாய்க்கு வட்டி 9,162. இதில் உள்ள 162 ரூபாயைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டுகிறேன். முன் காலாண்டின் 9,000 ரூபாய் வட்டி தன் பங்குக்கு ஈட்டிக் கொடுத்தது அதுதான். நம் ஊரில் வட்டிக்கு வட்டி என்பது இதையே. மார்ச்சில் 5,18,162 ரூபாய்க்கு 9,326.92 ரூபாய், அடுத்த ஜூனில் 5,27,488.92 ரூபாய்க்கு 9,494.80 ரூபாய். முதல் ஆண்டு முடிவில் கையிருப்பு 5,36,983.72. தங்கள் முறைப்படி அந்த ஆண்டுக்கு 36,000 ரூபாய் வட்டி. எங்கள் முறைப்படி 36,983.72. ஆக 7.2 என்று எழுதப்பட்ட விகிதம், காலாண்டுக்கு ஒருமுறை கூட்டப்படுவதால், ஓராண்டில் ஏறக்குறைய 7.4 விழுக்காடாக வேலை செய்கிறது.

இரண்டாம் ஆண்டு 5,36,983.72 ரூபாயில் தொடங்கி 39,719.30 ரூபாய் வட்டி சேர்த்து 5,76,703.02 ஆகிறது. மூன்றாம் ஆண்டு 42,657.25 ரூபாய் சேர்கிறது. முதல் காலாண்டில் 9,000 ரூபாயாக இருந்த வட்டி கடைசிக் காலாண்டில் 10,951 ரூபாய். பன்னிரண்டு வரியையும் ஒரே வரியில் எழுதினால் இப்படி வரும்:

```
5,00,000 × (1.018)^12 = 6,19,360
```

தங்கள் கணக்குப்படி மூன்றாம் ஆண்டு முடிவில் கிடைக்க வேண்டிய 6,08,000 ரூபாயை, பதினொன்றாவது காலாண்டின் முடிவிலேயே, அதாவது 9 மார்ச் 2028 அன்றே, தங்கள் வைப்பு 6,08,409 ரூபாயாகக் கடந்துவிடுகிறது.

ஆனாலும் 11,360 ரூபாய் முழுவதையும் காலாண்டு முறையின் கணக்கில் எழுதுவது சரியல்ல. வைப்பை ஒப்பிட்டுப் பார்க்கும்போது பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். ஆண்டுக்கு ஒரே ஒரு முறை வட்டியைக் கூட்டினாலும் இதே தொகை 6,15,963 ரூபாய் ஆகியிருக்கும். எனவே வித்தியாசத்தில் 7,963 ரூபாய் வட்டிக்கு வட்டி என்ற ஏற்பாட்டால் வந்தது. அதை ஆண்டுக்கு ஒரு முறைக்குப் பதில் நான்கு முறை செய்வதால் வந்தது 3,397 ரூபாய் மட்டுமே. காலம் நீண்டால் இரண்டுமே வளரும். இதே 5,00,000 ரூபாய் இதே விகிதத்தில் பத்து ஆண்டு இருந்தால் தனி வட்டியில் 8,60,000 ரூபாய், ஆண்டுக் கூட்டு வட்டியில் 10,02,116 ரூபாய், காலாண்டுக் கூட்டு வட்டியில் 10,20,660 ரூபாய்.

தங்கள் தங்கையின் வைப்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதே தொகை, அதே விகிதம், அதே காலம். ஆனால் அவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 9,000 ரூபாயைச் சேமிப்புக் கணக்கில் வாங்கிக்கொள்கிறார். அசலோடு சேர வேண்டிய வட்டி வெளியே போய்விடுவதால் ஒவ்வொரு காலாண்டும் அசல் 5,00,000 ரூபாயிலேயே நிற்கிறது. பன்னிரண்டு முறை 9,000 என்றால் 1,08,000. தங்கள் தாளில் உள்ள விடை அவருடைய வைப்புக்கு அப்படியே பொருந்தும். அவருக்கு இதில் நட்டம் என்று சொல்ல மாட்டேன். வீட்டுச் செலவுக்கு அந்தப் பணம் வேண்டும் என்பவருக்கு அதுவே ஏற்ற திட்டம். ஒரு வேளை மாதாமாதம் வட்டி வேண்டும் என்று அவர் கேட்டால், 3,000 ரூபாய்க்குப் பதில் சுமார் 2,982 ரூபாய்தான் வரும் என்பதை இப்போதே சொல்லி வையுங்கள். காலாண்டு முடிவில் தர வேண்டியதை முன்கூட்டியே தருவதால், அந்த இடைக்கால வட்டி கழிக்கப்படுகிறது.

அடுத்து, ஒரு நிதி நிறுவனத்தின் துண்டறிக்கையில் "ஆண்டு வருவாய் 7.95 விழுக்காடு" என்று பார்த்ததாகவும், அங்கே மாற்றிவிடலாமா என்றும் எழுதியிருக்கிறீர்கள். தங்கள் வைப்பின் மொத்த வட்டி 1,19,360 ரூபாயை மூன்றால் வகுத்து, அதை 5,00,000 ரூபாய்க்கு விழுக்காடாக்கிப் பாருங்கள், 7.96 வருகிறது. அதே 7.2 விழுக்காட்டை இப்படியும் எழுதிக் காட்ட முடியும். ஆகவே "வருவாய்" என்ற எண்ணை வட்டி விகிதத்தோடு வைத்து ஒப்பிடாதீர்கள். விகிதம் என்ன, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கூட்டுகிறார்கள், முதிர்வு நாளில் கைக்கு வரும் தொகை எவ்வளவு என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மேலும், வங்கி வைப்புக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5,00,000 ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. நிதி நிறுவன வைப்புக்கு அந்தக் காப்பீடு இல்லை. நான் வங்கியில் வேலை செய்பவள் என்பதால் சொல்வதாக நினைக்க வேண்டாம். எங்களிடமும் அந்த வரம்பைத் தாண்டிய தொகைக்குக் காப்பீடு கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இனி, இந்த 6,19,360 ரூபாய் குறைந்துபோகக்கூடிய சூழல்களைச் சொல்ல வேண்டும். இடையில் அவசரம் வந்து பதினெட்டு மாதத்தில் வைப்பைக் கலைத்தால், 7.2 விழுக்காட்டில் அதுவரை சேர்ந்ததாகத் தோன்றும் 5,56,489 ரூபாய் கிடைக்காது. ரசீதின் பின்பக்க நிபந்தனைப்படி, வைப்புப் போட்ட நாளில் பதினெட்டு மாத வைப்புக்கு இருந்த விகிதத்தில் ஒரு விழுக்காடு குறைத்துக் கணக்கிடப்படும். அது 7 விழுக்காடாக இருந்ததால், 6 விழுக்காட்டில் ஆறு காலாண்டு கூட்டி 5,46,722 ரூபாய்தான் தருவோம். சிறு தொகைக்கு வைப்பைக் கலைப்பதைவிட, அதன் பேரில் கடன் வாங்கி இரண்டு மூன்று மாதத்தில் அடைப்பது பெரும்பாலும் இலாபம். கலைக்கும் எண்ணம் வந்தால் முதலில் என்னிடம் ஒரு சொல் கேளுங்கள். இரண்டு கணக்கையும் போட்டுக் காட்டுகிறேன்.

வரிப் பிடித்தமும் கூட்டு வட்டியைத் தொடும். பிடித்தம் செய்யும் தொகை வட்டியிலிருந்து கழிந்துவிடுவதால், அந்தப் பணத்துக்கு அதற்குப் பிறகு வட்டி சேராது. மூத்த குடிமக்களுக்கு 1 ஏப்ரல் 2025 முதல், ஒரு வங்கியில் ஒரு நிதியாண்டில் எல்லா வைப்புகளின் வட்டியும் சேர்ந்து 1,00,000 ரூபாயைத் தாண்டினால்தான் பிடித்தம் உண்டு. இந்த ஒரு வைப்பின் ஆண்டு வட்டி அந்த வரம்பை எட்டாது. ஆனால் எங்கள் சித்தூர்க் கிளையில் தங்களுக்கு இன்னொரு வைப்பு இருப்பதைக் கணினியில் பார்த்தேன். இரண்டின் வட்டியும் சேர்த்தே கணக்கிடப்படும். ஆண்டு வருமானத்துக்கு வரியே இல்லாத நிலையில் இருந்தால் 15எச் படிவம் கொடுத்துவிடலாம்.

இன்னொன்று, முதிர்வு நாளுக்குப் பிறகு ரசீதை அலமாரியிலேயே வைத்துவிடாதீர்கள். தானே புதுப்பிக்கும்படி எழுதிக் கொடுக்காத வைப்பு முதிர்ந்த பின் கேட்கப்படாமல் கிடந்தால், சேமிப்புக் கணக்கின் விகிதமோ வைப்பின் விகிதமோ, எது குறைவோ அதுதான் கிடைக்கும். தங்கள் விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் நிரப்பப்படாமல் இருக்கிறது.

பன்னிரண்டு காலாண்டுக்குமான அட்டவணையைத் தமிழில் தட்டச்சு செய்து, தங்கள் கணக்குத்தாளோடு இத்துடன் இணைத்திருக்கிறேன். ஒவ்வொரு வரியையும் தாங்களே 1.8 விழுக்காடு போட்டுச் சரிபார்க்கலாம்; எங்காவது ஐம்பது பைசாவுக்கு மேல் வித்தியாசம் வந்தால் எனக்குத் தெரிவியுங்கள். புதுப்பிப்புக் கட்டத்தில் கையெழுத்திடுவதற்காக அடுத்த வியாழக்கிழமை, 10 ஜூலை அன்று, காலை பதினொரு மணிக்கு மேல் வர இயலுமா? அன்று கவுண்டரில் நிற்க வேண்டாம். நேரே என் மேசைக்கு வந்துவிடுங்கள். ரசீதும் பான் அட்டையும் கையோடு கொண்டு வாருங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
கோ. மல்லிகா
துணை மேலாளர், வைப்புப் பிரிவு

இணைப்பு: காலாண்டு அட்டவணை ஒரு தாள், தங்கள் கணக்குத்தாள், 15எச் படிவம்