மார்ச் மாத மீட்டர் ரீடிங்: கணக்கும், மே 1 நினைவூட்டலும்

அப்பா, அம்மா, தம்பி மூவருக்கும்.

இன்று ஏப்ரல் 1, காலை 7 மணிக்கு ரீடிங் எடுத்துவிட்டேன். நோட்டில் எழுதியாயிற்று. இங்கேயும் போடுகிறேன்.

பிப்ரவரி 1, காலை 7: 17,986
மார்ச் 1, காலை 7: 18,253
ஏப்ரல் 1, காலை 7: 18,610

பிப்ரவரியில் ஓடியது 267 யூனிட். மார்ச்சில் 357. அதாவது 90 யூனிட் கூடுதல்.

90 என்றதும் அப்பா முதலில் ஏசி ரிமோட்டைத் தேடுவார் என்று தெரியும். கொஞ்சம் பொறுங்கள் அப்பா. பிப்ரவரிக்கு 28 நாள், மார்ச்சுக்கு 31 நாள். மூன்று நாள் அதிகம் ஓடிய மீட்டரை அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நியாயமில்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு என்று பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும்:

பிப்ரவரி: 267 ÷ 28 = நாளைக்கு 9.54 யூனிட்
மார்ச்: 357 ÷ 31 = நாளைக்கு 11.52 யூனிட்

பிப்ரவரி மாதிரியே மார்ச்சிலும் இருந்திருந்தால் 31 நாளைக்கு 296 யூனிட் ஆகியிருக்கும். ஆக, அந்த 90-இல் 29 யூனிட் காலண்டரின் வேலை. உண்மையில் நாம் கூட்டியது 61. மொத்தத்தை மட்டும் பார்த்தால் 34 சதவீதம் ஏறியது போலத் தெரியும். நாள் கணக்கில் 21 சதவீதம்தான். அதுவும் சின்ன ஏற்றம் இல்லை. அதனால்தான் போன வாரம் முழுக்க டார்ச்சும் கையுமாக மீட்டர் பெட்டி முன்னால் நின்றேன். பக்கத்து வீட்டில் கேட்டார்கள், என்ன காணாமல் போய்விட்டது என்று.

அந்த 61 எங்கே போனது என்று தேடியதில் கிடைத்தவை இவை.

முதலில் ஃபிரிட்ஜ். நம் மீட்டரின் முகப்பில் 3200 imp/kWh என்று அச்சிட்டிருக்கிறது. பக்கத்தில் இருக்கும் சின்னச் சிவப்பு விளக்கு 3200 தடவை மினுக்கினால் ஒரு யூனிட் என்று அர்த்தம். இரண்டு மினுக்குக்கு நடுவே எத்தனை நொடி என்று எண்ணினால், அந்த நேரத்தில் வீடு எத்தனை வாட் இழுக்கிறது என்று சொல்லிவிடலாம்:

```
வாட் = 1125 ÷ நொடிகள்
```

(ஒரு யூனிட் என்பது 36 லட்சம் வாட்-நொடி. அதை 3200-ஆல் வகுத்தால் 1125. இந்த எண் நம் மீட்டருக்கு மட்டும்தான். முகப்பில் வேறு எண் இருந்தால் இதுவும் மாறும்.)

ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு விளக்கு, ஃபேன், டிவி, மோடம் எல்லாவற்றையும் அணைத்து, ஃபிரிட்ஜை மட்டும் விட்டுவைத்து எண்ணினேன். 8 நொடிக்கு ஒரு மினுக்கு. சுமார் 140 வாட். ஓடும் ஃபிரிட்ஜுக்கு இது சரியான அளவுதான். ஆனால் அது நிற்கவே இல்லை. 40 நிமிடம் உட்கார்ந்திருந்தேன், ஒரு தடவைகூட கம்ப்ரஸர் ஓயவில்லை. கதவைத் திறந்து ஓரத்து ரப்பரைத் தடவிப் பார்த்தால், கீழ் மூலையில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. ஒரு தாளை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தேன். மற்ற இடத்தில் இறுகப் பிடித்த தாள் அந்த மூலையில் வழுக்கிக்கொண்டு வந்தது. மார்ச் 30 அன்று ரப்பர் மாற்றியாயிற்று. இப்போது அதே 40 நிமிடத்தில் 10 நிமிடம் ஓய்வெடுக்கிறது. நாளைக்கு 0.84 யூனிட் மிச்சம். ரப்பர் என்றைக்குக் கிழிந்தது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை; மாதத் தொடக்கத்திலிருந்தே என்று வைத்துக்கொண்டால் 24 யூனிட்.

அடுத்தது மோட்டார். இதைக் கண்டுபிடித்தது அப்பா. காலையில் ஒரு தடவை டேங்க் நிரப்பினால் அடுத்த நாள் வரைக்கும் வரும். மார்ச்சில் சாயங்காலமும் 40 நிமிடம் போட வேண்டியிருந்தது. ஆள் கூடவில்லை, துணியும் கூடவில்லை, தண்ணீர் எங்கே போகிறது என்று யோசித்து, தன் பேனா மையில் நாலு சொட்டை ஃப்ளஷ் டேங்கில் விட்டுவிட்டு அரை மணி நேரம் யாரையும் உள்ளே விடவில்லை. போய்ப் பார்த்தால் கோப்பை நீலமாக இருந்தது. சத்தமே இல்லாமல் நாள் முழுக்கக் கசிந்திருக்கிறது. மோட்டாரைப் போட்டதும் மீட்டர் விளக்கு நொடிக்கு ஒன்று மினுக்குகிறது. ஃபிரிட்ஜைக் கழித்தால் மோட்டாருக்கு ஏறக்குறைய 1000 வாட். 40 நிமிடம், 28 நாள்: 19 யூனிட். உள்ளே இருந்த ரப்பர் மூடியை 29-ஆம் தேதி மாற்றிவிட்டோம். தண்ணீர் ஒழுகினால் தண்ணீர் பில்தான் ஏறும் என்று நினைத்திருந்தேன். கரண்ட் பில்லிலும் ஒழுகும்.

மூன்றாவது கீசர். அம்மாவின் முதுகு வலிக்காக 12 நாள், நாளைக்கு 20 நிமிடம் கூடுதலாகப் போட்டோம். 2000 வாட் கணக்கில் 8 யூனிட். அம்மா, இதை எழுதுவது கணக்குக்காக மட்டும்தான். வலி வந்தால் திரும்பவும் போட்டுக்கொள்ளுங்கள். ஒத்தடத்தைக் குறைத்து யூனிட் மிச்சம் பிடிக்க வேண்டியதில்லை.

24, 19, 8. மொத்தம் 51. இன்னும் 10 யூனிட் பாக்கி நிற்கிறது. தம்பியின் இரவுப் படிப்பு, இஸ்திரிப் பெட்டி, நான் அணைக்க மறந்த பால்கனி விளக்கு என்று சில்லறையாகப் பிரிந்திருக்கும். அதை நான் துரத்தப் போவதில்லை.

ஏசியை நம்மில் யாரும் மார்ச்சில் கூடுதலாக ஓட்டவில்லை. அப்பா, ரிமோட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிடலாம்.

இப்போது நினைவூட்டல்.

அடுத்த ரீடிங் மே 1, காலை 7 மணி. அன்றைக்கு நான் ஊரில் இல்லை. தம்பி, இது உன் பொறுப்பு. நடுவில் ஏப்ரல் 16 காலை 7 மணிக்கும் ஒன்று எடுத்து வை; மாதம் முடிந்த பிறகு பதறுவதைவிட பாதியிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

நேரம் ஏன் முக்கியம் என்று போன தடவை கேட்டாய். காலை 7-க்குப் பதில் சாயங்காலம் 7-க்கு எடுத்தால் அரை நாள் சேர்ந்துவிடும். நம் வீட்டுக்கு அது 5, 6 யூனிட். இந்த மாதத்தில் ஏறியது அடுத்த மாதத்தில் குறைந்து, இரண்டு கணக்கும் கெட்டுப்போகும். தூங்கிவிட்டால் பரவாயில்லை, எழுந்ததும் எடு, ஆனால் எத்தனை மணிக்கு எடுத்தாய் என்று பக்கத்தில் எழுது. மறந்துபோய் மறுநாள் எடுத்தாலும் மறுநாள் தேதியையே போடு. முதல் தேதி என்று மாற்றி எழுதாதே.

அப்புறம் அந்த 1,028 விவகாரம் திரும்ப வேண்டாம். மற்றவர்களுக்கு: மார்ச் 1 அன்று தம்பி அனுப்பிய போட்டோவில் 19,014 என்று இருந்தது. பிப்ரவரி 1-இன் 17,986-ஐக் கழித்தால் ஒரே மாதத்தில் 1,028 யூனிட்! அப்பா மெயின் சுவிட்சையே அணைக்கப் போய்விட்டார். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால் எண்ணின் ஓரத்தில் சின்னதாக kVAh. மீட்டரின் திரை ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டு நிற்காது. தேதி, மணி, வோல்டேஜ், kWh, kVAh என்று ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே வரும். நமக்கு வேண்டியது kWh மட்டும். kVAh எப்போதும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவோ சமமாகவோதான் இருக்கும், அதனால் பார்வைக்கு ஒன்று போலவே தெரியும். திரை வேகமாக மாறினால் கீழே இருக்கும் பொத்தானை அழுத்து, ஒவ்வொரு அழுத்தலுக்கும் அடுத்தது வரும்.

போட்டோவில் எண்ணும் kWh என்ற எழுத்தும் சேர்ந்து விழ வேண்டும். ஃப்ளாஷ் போட்டால் கண்ணாடியில் வெள்ளையாக அடித்து நடு எண்ணை மறைத்துவிடும். போனைக் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்துப் பிடி. பெட்டிக் கதவைத் திறப்பதோடு சரி, உள்ளே ஒயர், சீல் எதையும் தொடாதே. புள்ளிக்குப் பிறகு வரும் எண்ணை விட்டுவிடு. 18,610.4 என்றால் 18,610. விட்டது எங்கேயும் போகாது, அடுத்த மாதத்தில் சேர்ந்துவிடும்.

நீ எதிர்பார்க்க வேண்டிய எண்களையும் சொல்லிவிடுகிறேன். ஃபிரிட்ஜும் ஃப்ளஷும் சரியாகிவிட்டதால் ஏப்ரல் திரும்ப பிப்ரவரி அளவுக்கு வர வேண்டும். அப்படி வந்தால் ஏப்ரல் 16 அன்று 18,753, மே 1 அன்று 18,896. அச்சாக அதே எண் வராது. மே 1 அன்று 18,900-க்கு முன்பின் இருந்தால் நோட்டில் எழுதிவிட்டு இங்கே போட்டோவைப் போடு, போதும். மார்ச் மாதிரியே ஓடினால் 16-ஆம் தேதி 18,783-ம், மே 1 அன்று 18,955-ம் காட்டும். 16-ஆம் தேதியே 18,780-ஐத் தாண்டிவிட்டால் மே வரைக்கும் காத்திருக்காதே. அன்றைக்கு ராத்திரியே எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மினுக்கை எண்ணு, ஃபிரிட்ஜின் பிளக்கையும் ஐந்து நிமிடம் பிடுங்கிப் பார். அப்புறமும் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் ஏதோ ஒன்று இழுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எத்தனை நொடிக்கு ஒரு மினுக்கு என்று மட்டும் எனக்கு அனுப்பு. மற்றதை நான் போனில் சொல்கிறேன், ஒயரிங் பக்கம் போக வேண்டாம்.

பில் வந்தால் அதில் உள்ள முந்தைய ரீடிங், இப்போதைய ரீடிங் இரண்டையும் தேதியோடு நோட்டில் கடைசிப் பக்கத்தில் எழுதி வை. அவர்கள் எடுக்கும் தேதி வேறு, நம் தேதி வேறு என்பதால் எண்கள் ஒத்துப்போகாது. ஆனால் அவர்களின் எண் நம்முடைய இரண்டு எண்களுக்கு நடுவில் விழ வேண்டும். விழவில்லை என்றால் நம் போட்டோவோடு போய்க் கேட்கலாம்.

நோட்டு மீட்டர் பெட்டிக்கு மேலே உள்ள அலமாரியில், பால் கணக்கு நோட்டுக்கு அடியில் இருக்கிறது. பேனா அதிலேயே கட்டியிருக்கிறது. அப்பா, மை வேண்டும் என்று அந்தப் பேனாவை எடுத்துவிடாதீர்கள்.