18-ஆம் தேதி வரைதான், 28 இல்லை: சைக்கிள் சர்வீஸ் விளம்பரத்துக்குத் திருத்த வீடியோ

[காட்சி: கடைக்குள். தலைகீழாக நிறுத்திய ஒரு சைக்கிள். அதன் பக்கத்தில் கடைக்காரர், வேலை உடையிலேயே. பின்னணி இசை வேண்டாம். முதல் சொல்லிலிருந்தே திரையில் பெரிய எழுத்து.]

திரையில்: திருத்தம். பாதிக் கூலி சர்வீஸ் ஜூன் 18, வியாழக்கிழமை வரை மட்டும்.

கடைக்காரர்: வணக்கம். திங்கட்கிழமை நாங்கள் போட்ட விளம்பரத்தில் தேதி தப்பு. ஜூன் 28 வரை என்று போட்டிருந்தோம். சரியான தேதி ஜூன் 18, வியாழக்கிழமை. அவசரமாக இருப்பவர்கள் இதோடு வீடியோவை நிறுத்திவிடலாம். ஏற்கெனவே எங்களிடம் நாள் வாங்கியவர்களும், பாதி விலை எதற்கு என்று குழம்பியவர்களும் கொஞ்சம் இருங்கள்.

[காட்சி: மேசையில் கடை டைரி. கேமரா கிட்டே போகிறது. பேனாவால் எழுதிய 18.]

இது என் கையெழுத்து. இந்த ஒன்றுக்கு மேலே ஒரு வளைவு, கீழே ஒரு கோடு. இதை 28 என்று படித்தவர் மேல் தப்பு சொல்ல முடியாது. என் அக்கா மகன்தான் இதைப் பார்த்து விளம்பரத்தைத் தயார் செய்தான். போடுவதற்கு முன்னால் என்னிடம் போனை நீட்டிக் காட்டவும் செய்தான். என் கை முழுக்க கிரீஸ். முழங்கையால் திரையைத் தள்ளி, பாதியைப் பார்த்து, "சரி, போடு" என்று சொன்னது நான். ஆகவே அவனை யாரும் கேலி செய்ய வேண்டாம். கேலியெல்லாம் எனக்கு வரட்டும்.

கண்டுபிடித்ததும் நாங்கள் இல்லை. நேற்று ஒரு வாடிக்கையாளர் போன் செய்து, "அண்ணே, 28 ஞாயிற்றுக்கிழமையாச்சே, கடை லீவுதானே, கடைசி நாள் எப்படி ஞாயிறு?" என்று கேட்டார். அப்புறம்தான் விளம்பரத்தை முழுதாகப் பார்த்தேன். கிழமையையும் சேர்த்துப் போட்டிருந்தால் எங்களுக்கே அன்றைக்கே தெரிந்திருக்கும். அந்த அண்ணனுக்கு நன்றி.

மருமகன் [கேமராவுக்குப் பின்னால் இருந்து]: மாமா, ஏன் 28 வரைக்கும் நீட்டிக்கலைன்னு கேப்பாங்க.

கடைக்காரர்: கேட்கத்தான் செய்வார்கள். காரணம் இதுதான். இந்தப் பாதிக் கூலியைக் கொடுக்க முடிவதே, கூட ஒரு மெக்கானிக் 18 வரை இங்கே வேலை செய்வதால்தான். அவர் போன பிறகு நான் ஒருவன். ஒரு சைக்கிளை முழுசாகப் பிரித்து, பேரிங் கழுவி, கிரீஸ் வைத்து, ரெண்டு சக்கரத்துக்கும் கோட்டம் எடுத்து மாட்ட எனக்கு அரை நாள் ஆகும். 28 வரை என்று சொல்லிவிட்டு உங்கள் சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைத்திருப்பதைவிட, 18 என்று சொல்வதுதான் நியாயம்.

[காட்சி: டைரியின் அடுத்த பக்கம். பெயர்கள் கையால் மறைக்கப்பட்டிருக்கின்றன.]

சரி, ஏற்கெனவே 18-க்குப் பின்னால் நாள் வாங்கியவர்கள் ஒன்பது பேர். உங்களுக்கு எதுவும் மாறாது. அதே நாள், அதே பாதிக் கூலி. இன்று மாலைக்குள் ஒவ்வொருவருக்கும் நானே போன் செய்கிறேன். நீங்கள் எதையும் நிரூபிக்க வேண்டாம், டைரியில் பெயர் இருக்கிறது.

இந்த வீடியோவைப் பார்க்காமல், பழைய விளம்பரத்தை மட்டும் நம்பி 19-ஆம் தேதியோ 25-ஆம் தேதியோ ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தால்? அவர் மேல் என்ன தப்பு. அவருக்கும் பாதிக் கூலிதான். ஆனால் வேலை முடிய நாலைந்து நாள் ஆகலாம், அதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். நீங்கள் இதைப் பார்த்தீர்களா இல்லையா என்று நான் சோதிக்கப் போவதில்லை. பார்த்துவிட்டவர்கள் 18-க்குள் வந்துவிடுங்கள், அவ்வளவுதான்.

திரையில்: பாதி என்பது கூலிக்கு மட்டும். பாகங்களுக்கு வழக்கமான விலை.

இன்னொன்று. இதைக் கைப்பிழை என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். விளம்பரத்தில் "சர்வீஸ் பாதி விலை" என்று எழுதி, பின்னால் புது செயின் ஒன்றைத் தொங்கவிட்டுக் காட்டினோம். பார்ப்பவர் செயினும் பாதி விலை என்றுதானே நினைப்பார். பாதி என்பது எங்கள் கைவேலைக்கு மட்டும்: பிரித்துக் கழுவுவது, கிரீஸ், கோட்டம் எடுப்பது, பிரேக் சரிசெய்வது. செயின், பிரேக் கட்டை, கேபிள், டியூப் இதெல்லாம் புதிதாகப் போட்டால் அதற்கு முழு விலை. அதை விளம்பரத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

இந்த நாலு நாளில் பாகம் மாற்றி முழு விலை கொடுத்துவிட்டுப் போனவர்கள் மூன்று பேர். மூவருக்கும் பாகத்திலும் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒருவர் வேண்டாம் என்றார். விளம்பரத்தைப் பார்த்துத்தானே வந்தீர்கள் என்று கையில் வைத்து அனுப்பினேன். இன்றிலிருந்து வருபவர்களுக்குப் பாகம் முழு விலை, வேலையைத் தொடங்கும் முன்பே சீட்டில் எழுதித் தருவோம்.

[காட்சி: சைக்கிள் செயின் மேல் அளவு டேப். விரல் ஒரு ஆணியின் நடுவைக் காட்டுகிறது.]

செயின் மாற்ற வேண்டுமா என்பதை வீட்டிலேயே பார்த்துவிட்டு வரலாம், செலவு முன்கூட்டித் தெரியும். டேப்பின் பூஜ்ஜியத்தை ஒரு ஆணியின் நடுவில் வையுங்கள். செயினைக் கொஞ்சம் இழுத்துப் பிடியுங்கள். ஆணிக்கு ஆணி அரை அங்குலம், அதனால் 24 ஆணி தள்ளி வரும் ஆணியின் நடு சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். நின்றால் செயின் நன்றாக இருக்கிறது, எண்ணெய் மட்டும் போதும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தாண்டியிருந்தால் மாற்றும் நேரம். எட்டில் ஒரு பங்கு தாண்டிவிட்டால் பின்சக்கரத்துப் பற்களும் தேய்ந்திருக்கும், புது செயின் மட்டும் போட்டால் குதிக்கும். அப்போது ரெண்டுக்கும் சேர்த்துத் தயாராக வாருங்கள்.

[காட்சி: கடைக் கதவில் ஒட்டிய நோட்டீஸ். கடைக்காரர் மார்க்கரால் 28-ஐ அடித்துவிட்டு, மேலே 18, வியாழன் என்று எழுதுகிறார்.]

பழைய விளம்பரத்தை எடுத்துவிட்டோம். ஆனாலும் உங்களில் சிலர் அதைக் குழுக்களில் பகிர்ந்திருப்பீர்கள், அது எங்கள் மேல் இருக்கும் அன்பு. அதே குழுக்களில் இதையும் போட்டுவிடுங்கள். தேதி தப்பாகப் போனதால் யாருக்காவது விடுப்பு மாற்ற வேண்டி வந்திருந்தாலோ, வேறு ஏதாவது சிரமம் ஆகியிருந்தாலோ கடைக்கு வாருங்கள், பேசுவோம். தப்பு என்னுடையது. மன்னிக்கவும்.

திரையில் [பத்து விநாடி நிற்கும்]: பாதிக் கூலி சர்வீஸ். ஜூன் 18, வியாழக்கிழமை மாலை 6 மணி வரை கொண்டுவரும் சைக்கிள்களுக்கு. பாகங்களுக்கு முழு விலை. ஏற்கெனவே நாள் வாங்கியவர்களுக்கு மாற்றம் இல்லை. ஞாயிறு விடுமுறை.

[காட்சி: திரை எழுத்து மறைந்ததும் கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வெட்ட வேண்டாம்.]

மருமகன்: சரி மாமா. போட்டுடவா?

கடைக்காரர்: இரு. கை கழுவிவிட்டு வருகிறேன். முழுசாகப் பார்க்கிறேன்.

[குழாய்ச் சத்தம். முடிவு.]