சுங்கை சிப்புட்டிலிருந்து ஜெர்மனிக்கு: உன் மதிப்பெண் பட்டியல் சொல்வது என்ன

அன்புள்ள தங்கச்சி,

முதுகலை விண்ணப்பத்துக்காக நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய உன் மதிப்பெண் பட்டியலின் நான்கு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்து, ஒவ்வொரு வரியையும் தட்டெழுதி, கூட்டிச் சரிபார்த்தாயிற்று. எந்த வரி எதைச் சொல்கிறது, ஜெர்மனியில் அதை எப்படிப் படிப்பார்கள், விண்ணப்பத்தில் எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்பதெல்லாம் இதில் இருக்கிறது. அப்பாவும் படிப்பார் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சில இடங்களில் விளக்கியிருக்கிறேன்.

முதலில் படத்தைப் பற்றி. இந்தப் படங்களை அப்படியே ஏற்றிவிடாதே. சாப்பாட்டு மேசையில் மஞ்சள் விளக்கின் கீழ் எடுத்ததால் முத்திரையின் பாதி வெளிச்சத்தில் கரைந்துவிட்டது. இரண்டாம் பக்கத்தில் வலது ஓரம் வெட்டுப்பட்டு, தர எண் வரிசை பாதிதான் தெரிகிறது. இவற்றைவிடப் பெரிய குறை, பின்பக்கத்தை நீ எடுக்கவே இல்லை. அங்கேதான் எந்த எழுத்துக்கு எத்தனை புள்ளி, எது தேர்ச்சி, "எல்" என்றால் என்ன என்ற குறிப்பு அச்சாகியிருக்கும். அது இல்லாமல் வெளிநாட்டில் எவராலும் உன் பட்டியலைக் கணக்கிட முடியாது. டவுனில் போட்டோஸ்டேட் கடைக்குப் போய், அசல் தாளைக் கலரில், 300 டிபிஐ-யில், முன்னும் பின்னும் எல்லாப் பக்கங்களையும் ஒரே பிடிஎஃப்-ஆக ஸ்கேன் செய்து வாங்கு. கடைக்காரர் ஓரத்தை "சுத்தமாக" வெட்டித் தர முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு. தாளின் நான்கு மூலையும் தெரிய வேண்டும். தெளிவில்லாத எழுத்தை ஆப்பில் கருப்பாக்குவதும் கூடாது. அது திருத்தம் என்று கருதப்பட்டால் விண்ணப்பமே போய்விடும்.

இனி பட்டியல். மூன்றாம் செமஸ்டரை மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். உன் படத்திலிருந்து தட்டெழுதியது இது:

```
KIM2113  Kimia Organik I           3   B+
KIM2123  Kimia Fizik I             3   A-
KIM2132  Amali Kimia Organik       2   A
MAT2013  Kaedah Matematik          3   B ?
UHW2022  Falsafah dan Isu Semasa   2   A
KOK2011  Kokurikulum               1   A-
SBI2022  Bahasa Inggeris           2   B+
PNGS 3.46
```

குறியீட்டின் மூன்று எழுத்தும் எந்தத் துறை என்பதைக் காட்டும்: கிமியா என்றால் வேதியியல், மாட் என்றால் கணிதம். முதல் எண் எந்த வருடத்துப் பாடம் என்பது. நடு இரண்டு எண்களும் பாடத்தின் வரிசை. கடைசி எண் கிரெடிட். KIM2113 இரண்டாம் வருடப் பாடம், மூன்று கிரெடிட். இது உன் பல்கலைக்கழகத்தின் வழக்கம். எல்லா இடத்திலும் இப்படியில்லை. யுஎஸ்எம்மில் கிரெடிட் சாய்கோட்டுக்குப் பின்னால் வரும். உன் பட்டியலிலேயே ஒரு விதிவிலக்கு உண்டு: KIM3912 என்ற தொழிற்பயிற்சியின் கடைசி எண் 2, ஆனால் கிரெடிட் 12. ஒற்றை எண்ணில் 12 அடங்காது. ஆகவே குறியீட்டைப் பார்த்துக் கிரெடிட் எழுதாமல், எப்போதும் கிரெடிட் பத்தியைப் பார்த்தே எழுது.

மாட் வரியில் நான் கேள்விக்குறி போட்ட இடத்தில் விளக்கின் பளபளப்பு விழுந்திருக்கிறது. அது பி-யா, பி-மைனஸா? கணக்கே பதில் சொல்லும். மற்ற ஆறு பாடங்களின் கிரெடிட்டைத் தரப் புள்ளியால் பெருக்கிக் கூட்டினால் 47.33. பி என்றால் 9.00 சேர்ந்து 56.33, 16 கிரெடிட்டால் வகுத்தால் 3.52. பி-மைனஸ் என்றால் 8.01 சேர்ந்து 55.34, வகுத்தால் 3.46. தாளில் அச்சாகியிருப்பது 3.46, ஆக அது பி-மைனஸ். நீ அனுப்பிய குறிப்பில் பி என்று எழுதியிருக்கிறாய், மாற்றிவிடு. இந்தக் கணக்கில் ஏ-மைனஸுக்கு 3.67 வைத்தேன். சில பல்கலைக்கழகங்களில் அது 3.70. பின்பக்கம் வந்ததும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார். எட்டு செமஸ்டருக்கும் இதே போல் செய்தால் வாசிப்புப் பிழை தப்புவது அரிது.

பிஎன்ஜிஎஸ் என்பது அந்த ஒரு செமஸ்டரின் சராசரி. பிஎன்ஜிகே என்பது அதுவரை சேர்ந்த மொத்தத்தின் சராசரி. விண்ணப்பம் கேட்பது கடைசி பிஎன்ஜிகே, உனக்கு 3.42. கடைசிப் பக்கத்தில் பெற்ற கிரெடிட் 128 என்றும், கணக்கிட்ட கிரெடிட் 116 என்றும் இரண்டு எண்கள் இருப்பது பிழையல்ல. தொழிற்பயிற்சிக்கு எழுத்துத் தரம் கிடையாது, தேர்ச்சி என்று பொருள்படும் லூலுஸ் என்பதன் "எல்" மட்டும்தான். அந்த 12 கிரெடிட் பட்டத்துக்குச் சேரும், சராசரிக்குச் சேராது. விளக்கக் குறிப்பில் இதை ஒரே வரியில் சொல்லிவிடு. இல்லையென்றால் அங்கே கணக்குப் போடுபவர் 128-ஆல் வகுத்து, எண் ஒத்துவராமல் கடிதம் போடுவார்.

அப்பாவுக்கு: கிரெடிட் வேறு, மதிப்பெண் வேறு. தோட்டத்தில் எத்தனை ரப்பர் மரத்தில் பால் வெட்ட நிரை கொடுத்தார்கள் என்பது கிரெடிட்; அன்று எத்தனை கிலோ பால் இறங்கியது என்பது தரம். வெளிநாட்டில் இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள்.

அடுத்தது எல்லாரும் தடுமாறும் இடம். மலேசியாவில் ஒரு கிரெடிட் என்றால் 40 மணி நேரம் கற்றல்: வகுப்பு, ஆய்வுக்கூடம், வீட்டில் படிப்பது, பரீட்சை எல்லாம் சேர்த்து. ஐரோப்பாவின் கிரெடிட்டான இசிடிஎஸ் ஒன்று 25 முதல் 30 மணி. முழுநேரப் படிப்புக்கு வருடத்துக்கு 60. உன் 128 கிரெடிட்டை மணியாக்கினால் 5,120. அதை 30-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 171 இசிடிஎஸ், 25-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 205. வருடத்தை வைத்துப் பார்த்தாலோ நான்கு முழு வருடம், 240. அவர்களுடைய இளங்கலைக்குக் குறைந்தது 180 வேண்டும். ஒரே பட்டம் ஒரு கணக்கில் தோற்கிறது, இரண்டு கணக்கில் ஜெயிக்கிறது. எந்தக் கணக்கை எடுப்பது என்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் முடிவு. ஆகவே மொத்த இசிடிஎஸ் இவ்வளவு என்று நீயாக ஒரு எண்ணை எழுதாதே. படிவத்தில் கிரெடிட் கேட்டால் 128 என்றே போட்டு, குறிப்பில் "ஒரு கிரெடிட் 40 மணி, எட்டு செமஸ்டர், முழுநேரம்" என்று எழுது. அவர்களுக்குத் தேவையான மூன்று எண்களும் அதில் இருக்கின்றன.

நீ அனுப்பிய அறிவிப்பில் வேதியியல் பாடங்களில் மட்டும் 90 இசிடிஎஸ் வேண்டும் என்று இருக்கிறது. அங்கே தப்பிக்க முடியாது, அட்டவணை போட்டே ஆக வேண்டும். உன் கிமியா குறியீடுகள் மொத்தம் 84 கிரெடிட். தொழிற்பயிற்சியை அவர்கள் ஏற்காமல் போகலாம் என்று அந்த 12-ஐக் கழித்தால் 72, அதாவது 2,880 மணி. கடுமையாக 30-ஆல் வகுத்தாலும் 96. ஆறு இசிடிஎஸ் மிச்சம், நிம்மதியாக இரு. அட்டவணையில் குறியீடு, பாடப் பெயர், கிரெடிட், மணி, தரம் என்ற ஐந்து பத்தி போதும். மணியை இசிடிஎஸ்-ஆக மாற்றியது 30-ஆல் வகுத்து என்று அடியில் எழுது. கணிதமும் இயற்பியலும் சேர்ந்த 14 கிரெடிட்டைத் தனியாகக் காட்டு. யுஎச்டபிள்யூ, கோக், எஸ்பிஐ போன்றவற்றின் 30 கிரெடிட்டை வேதியியலுக்குள் நுழைக்க வேண்டாம். அவை எல்லா மாணவர்களும் எடுக்கும் பொதுப் பாடங்கள் என்ற ஒரு வரி போதும். ஃபாக்குல்டி கையேட்டிலிருந்து ஒவ்வொரு கிமியா பாடத்தின் விவரப் பக்கத்தையும் எடுத்து வை. பாடத்தின் பெயரை விட அதில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள்.

தரத்துக்கு வருவோம். ஜெர்மனியில் 1.0 மிகச் சிறந்தது, 4.0 கடைசித் தேர்ச்சி. தர எண் கேட்கும் கட்டத்தில் யோசிக்காமல் 3.42 என்று எழுதினால் தட்டுத்தடுமாறித் தேறியவள் என்று பொருளாகும். எங்கே எழுதினாலும் "4.00-க்கு 3.42" என்றே எழுது. அவர்கள் மாற்றும் கணக்கு இது:

```
1 + 3 x (4.00 - 3.42) / (4.00 - 2.00) = 1.87
```

கீழே வரும் 2.00 என்பது பட்டம் பெறத் தேவையான குறைந்தபட்ச பிஎன்ஜிகே. இணையத்தில் சிலர் ஒரு பாடத்தைத் தேறும் டி தரத்தின் 1.00-ஐப் போட்டு 1.58 என்று காட்டுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் 2.00-க்குக் கீழே இருந்தால் பட்டமே கிடையாது. பெருமைக்கு 1.58 எழுதி, அவர்கள் 1.87 என்று திருத்தும்படி வைக்காதே. 1.87 நல்ல தரம்தான்.

மொழிபெயர்ப்பில் இரண்டு சொற்கள் ஆபத்தானவை. சர்ஜானா மூடா என்பது இளங்கலை. வெறும் சர்ஜானா முதுகலை. "மூடா" விட்டுப்போனால் ஏற்கெனவே முதுகலை முடித்தவள் ஆகிவிடுவாய். கெபூஜியான் என்பது ஆனர்ஸ் பட்டத்தின் பெயரில் ஒரு பகுதி. சிறப்புத் தேர்ச்சி என்று மொழிபெயர்த்தால் தவறு. உன் வகுப்பு கெலாஸ் கெடுவா திங்கி, இரண்டாம் வகுப்பு மேல்நிலை. மொழிபெயர்க்கக் கொடுப்பதற்கு முன், பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்தில் ஆங்கிலப் பட்டியல் கேட்டுப் பார். அவர்களே தந்தால் செலவும் குறையும், சந்தேகமும் வராது. தரவில்லை என்றால்தான் ஐடிபிஎம் போன்ற அங்கீகாரம் பெற்ற இடத்துக்குப் போக வேண்டும். நீயே மொழிபெயர்த்ததை ஏற்க மாட்டார்கள்.

பெயர். பட்டியலில் உன் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் A/P இருக்கிறது. சில படிவங்கள் சாய்கோட்டை ஏற்காது. குடும்பப் பெயர் என்று கேட்கும். குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயரைப் போடு, A/P-யை நடுப் பெயராக்காதே. "A/P என்றால் மகள், அதன் பின் வருவது தந்தையின் பெயர்" என்று குறிப்பில் எழுது. கடப்பிதழ், பட்டியல், சான்றிதழ், ஆங்கிலத் தேர்வு முடிவு ஆகிய நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடு. உன் பட்டியலில் அப்பா பெயரில் ஒரு H குறைகிறது. கடப்பிதழில் இருக்கிறது. ஆங்கிலப் பட்டியல் கேட்கும்போதே இதையும் திருத்தச் சொல், பிறகு தனியாகக் கேட்டால் மறுபடியும் காத்திருக்க வேண்டும்.

ஜெர்மன் பல்கலைக்கழகங்களுக்காக வெளிநாட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் uni-assist வழியாகப் போவதால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ கட்ட வேண்டும். பணம் போய்ச் சேர்ந்த பிறகுதான் கோப்பைத் திறப்பார்கள், சரிபார்க்க நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். உன் கடைசி நாள் மே 31 என்றாலும், மார்ச் முடிவதற்குள் எல்லாம் ஏறியிருக்க வேண்டும். ஏதாவது குறைகிறது என்று அவர்கள் சொன்னால் திருப்பி அனுப்ப நேரம் வேண்டுமே. திங்கட்கிழமை முதல் வேலையாகப் பதிவாளர் அலுவலகத்துக்கு எழுது. பின்பக்க ஸ்கேன் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்பு. அன்றே மீதி ஏழு செமஸ்டரையும் கூட்டிப் பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா